ஒரு தொழிலாளியின் ஃபைல்: ஹெச்.ஆர். எக்ஸிகியூட்டிவ் நேர்முகத் தேர்வுக்கு எப்படித் தயாராவது?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர், கோவை வட்டாரங்களில் உள்ள ஆலைகளில் ஹெச்.ஆர். எக்ஸிகியூட்டிவ் பார்க்கும் வேலை பெரும்பாலும் காகிதமும் கணக்கும் சார்ந்தது. ஆள் எடுக்க வேண்டும், சேர்ந்தவரின் ஆவணங்களைச் சரிபார்க்க வேண்டும், வருகைப் பதிவைச் சம்பளப் பட்டியலில் ஏற்ற வேண்டும், மாதாமாதம் 15ஆம் தேதிக்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்ட வேண்டும். ஷாப் ஃப்ளோரில் தகராறு என்றால் முதல் காகிதத்தை எழுதுவதும் அவரே. நேர்முகத் தேர்வின் கேள்விகளும் இங்கிருந்துதான் புறப்படுகின்றன. மனிதவள மேலாண்மைக்கு இலக்கணம் கேட்பது குறைந்துவிட்டது. 'போன மாதம் சேர்ந்தவருக்கு இன்னும் யு.ஏ.என். வரவில்லை, என்ன காரணமாக இருக்கும்?' என்பது போன்ற கேள்விகளே அதிகம்.

அதனால் பாடநூலை அத்தியாயம் அத்தியாயமாகப் புரட்டுவதைவிட, ஒரே ஒரு தொழிலாளியின் பெர்சனல் ஃபைலை மனதில் வைத்துக்கொண்டு தயாராவது நல்லது. அவர் ஏன் எடுக்கப்பட்டார், என்ன சம்பளத்தில் சேர்ந்தார், அந்தச் சம்பளத்தில் எது பிடிக்கப்படுகிறது, அவர்மீது புகார் வந்தால் எந்தக் காகிதத்துக்குப் பிறகு எந்தக் காகிதம் வர வேண்டும் என்று வரிசையாகச் சொல்லத் தெரிந்தவருக்கு முக்கால்வாசிக் கேள்விகள் அடங்கிவிடும்.

அந்த ஃபைல் தொழிலாளியின் விண்ணப்பத்துக்கு முன்பே தொடங்குகிறது. உற்பத்தித் துறைத் தலைவர் கையெழுத்திட்டு அனுப்பும் ஆள் தேவைப் படிவம்தான் முதல் காகிதம். எத்தனை பேர், எந்த வேலைக்கு, எப்போதைக்குள், புதிய இடமா, விலகியவரின் இடமா என்பவை அதில் இருக்கும். இதற்கு ஒப்புதல் கிடைக்காமல் ஆள் தேடத் தொடங்கக் கூடாது என்பது ரெக்ரூட்மென்டின் முதல் விதி. வாய்வார்த்தையை நம்பி ஆள் எடுத்துவிட்டு, பிறகு 'பட்ஜெட் இல்லை' என்று ஆஃபரைத் திரும்பப் பெறும் நிலை இந்தப் படிவம் இல்லாத இடங்களில் வருகிறது.

அடுத்தது கணக்கு. ஜூன் 1ஆம் தேதிக்குள் 20 மெஷின் ஆபரேட்டர்கள் வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். எத்தனை பேரை அழைக்க வேண்டும் என்பது நேர்முகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. இதைப் பின்னாலிருந்து கணக்கிட வேண்டும். ஆஃபர் பெறும் நான்கு பேரில் மூவர் சேர்கிறார்கள் என்பது அந்த ஆலையின் பழைய அனுபவம் என்றால், 20 பேர் சேர 27 ஆஃபர் தேவை. மூன்று பேரைப் பார்த்தால் ஒருவர் தேறுகிறார் என்றால் 81 பேரைப் பார்க்க வேண்டும். அழைத்தவர்களில் பாதிப் பேர்தான் வருகிறார்கள் என்றால் ஏறத்தாழ 160 பேரை அழைக்க வேண்டும். இந்த விகிதங்கள் ஆலைக்கு ஆலை மாறும். சரியான எண்ணைச் சொல்வதைவிட, 'உங்கள் ஆலையின் போன ஆண்டு விகிதத்தைப் பார்த்துக் கணக்கிடுவேன்' என்று சொல்லி வழியைக் காட்டுபவரையே தேர்வாளர் கவனிக்கிறார்.

160 பேர் எங்கிருந்து வருவார்கள் என்பதற்கு இணையதளப் பெயர்களை மட்டும் அடுக்கினால் போதாது. ஆபரேட்டர் வேலைக்கு ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் வளாகத் தேர்வுகளும், ஏற்கெனவே வேலை பார்ப்பவர்கள் சொல்லி அனுப்பும் ஆட்களும், மாவட்ட வேலைவாய்ப்பு முகாம்களும்தான் கைகொடுக்கும். பொறியாளர், கணக்காளர் வேலைகளுக்கே இணையதளங்கள் அதிகம் உதவும்.

ஆஃபர் கொடுத்த நாளுக்கும் சேரும் நாளுக்கும் இடையில்தான் ஆட்கள் அதிகமாக நழுவுகிறார்கள். முன்னறிகுறிகள் உண்டு. சான்றிதழ் நகல் அனுப்பத் தாமதிப்பது, போன் எடுக்காமல் இருப்பது, சேரும் தேதியை இரண்டாவது முறை தள்ளிக் கேட்பது ஆகியவை அவை. காரணம் எப்போதும் சம்பளமாக இருப்பதில்லை. கம்பெனி பஸ் அவர் ஊர் வழியாக வராமல் இருக்கலாம், இரவு ஷிஃப்ட் உண்டு என்பது ஆஃபர் லெட்டரைப் பார்த்த பிறகே தெரிந்திருக்கலாம். சேர்ந்து 30 நாளுக்குள் போய்விடுபவர்கள் பலர் என்றால், தேர்வின்போது வேலை எப்படிப்பட்டது என்று நேர்மையாகச் சொல்லப்படவில்லை என்று பொருள். பிரஸ் ஷாப்பின் சத்தத்தையும் வெப்பத்தையும் ஆஃபருக்கு முன்பே ஒரு நடை அழைத்துப் போய்க் காட்டுவது இதற்குப் பெரிய செலவில்லாத மருந்து.

சேரும் நாளில் ஃபைல் பருக்கத் தொடங்குகிறது. நியமனக் கடிதம், கல்விச் சான்று, வங்கி விவரம், மருத்துவத் தகுதிச் சான்று, நாமினி படிவங்கள், முந்தைய பி.எஃப். கணக்கைப் பற்றிய படிவம் 11 எல்லாம் வந்து சேரும். தமிழ்நாட்டில் இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. அது இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் 'எஸ். முருகன்', ஆதாரில் 'முருகன் சுப்பையா', வங்கியில் வெறும் 'முருகன்' என்று இருந்தால், பெயர் ஒத்துப்போகாமல் யு.ஏ.என். பணி அங்கேயே நிற்கும். அப்போது நழுவிப் போனாலும், பத்து ஆண்டு கழித்து அவர் மகள் திருமணத்துக்குப் பி.எஃப். பணம் எடுக்க விண்ணப்பிக்கும்போது அது திரும்பி வரும். மேலே சொன்ன யு.ஏ.என். கேள்விக்கு முதல் விடை இதுதான். இரண்டாவது, அவருக்கு முந்தைய வேலையில் கிடைத்த யு.ஏ.என். ஏற்கெனவே இருக்கலாம். அதைக் கேட்காமல் புதிதாக ஒன்று எடுக்க முயன்றால் இரண்டு கணக்காகி, பிறகு இணைக்க அலைய நேரும்.

சேர்ந்தவருக்குப் பொருந்தும் சட்டங்களைப் படிப்பவர் முதலில் ஒரு மாற்றத்தைத் தெரிந்திருக்க வேண்டும். மத்திய அரசின் 29 தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாக்கப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. ஊதியம், தொழில் உறவுகள், சமூகப் பாதுகாப்பு, தொழிலிடப் பாதுகாப்பும் சுகாதாரமும் என்பவை அந்த நான்கும் பேசும் பொருள்கள். ஆலைகளில் இன்னும் 'ஃபேக்டரிஸ் ஆக்ட்', 'ஐ.டி. ஆக்ட்' என்ற பழைய பெயர்களே புழக்கத்தில் இருக்கின்றன. பழைய பெயரில் கேள்வி வந்தாலும், அந்த விதி இப்போது எந்தத் தொகுப்பில் இருக்கிறது என்று சேர்த்துச் சொல்வது தயாரிப்பின் அடையாளம்.

தொகுப்புகளில் சம்பளப் பட்டியலை அதிகம் அசைத்தது ஊதியம் என்ற சொல்லின் புதிய வரையறைதான். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் ஊதியத்தில் சேரும். வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி போன்றவை சேராது. ஆனால் இப்படிச் சேராதவற்றின் கூட்டு மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை மீண்டும் ஊதியத்தில் சேர்க்கப்படும். மாதம் 30,000 ரூபாய் பெறுபவர் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். அடிப்படையும் பஞ்சப்படியும் 13,000, வாடகைப்படி 10,000, போக்குவரத்துப்படி 7,000. சேராதவை 17,000, பாதி என்பது 15,000. தாண்டிய 2,000 ரூபாயைச் சேர்த்தால் அவர் ஊதியம் 15,000 ஆகிறது. முன்பு 13,000 ரூபாய்க்கு 12 சதவீதமாக 1,560 ரூபாய் பி.எஃப். பிடித்திருந்தால், இப்போது 1,800 பிடிக்க வேண்டும். நிறுவனமும் அதே 1,800 ரூபாயைத் தன் பங்காகக் கட்டும். அதில் 1,250 ஓய்வூதியக் கணக்குக்கும் மீதி 550 பி.எஃப். கணக்குக்கும் போகும். கையில் வரும் சம்பளம் ஏன் குறைந்தது என்று தொழிலாளி வந்து நிற்பது ஹெச்.ஆர். எக்ஸிகியூட்டிவின் மேசைமுன்தான். அவருக்குப் புரியும்படி இதை விளக்கச் சொல்வதே சில இடங்களில் கேள்வியாக வருகிறது.

இ.எஸ்.ஐ.யில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு, தொழிலாளி 0.75 சதவீதமும் நிறுவனம் 3.25 சதவீதமும் கட்ட வேண்டும். 20,500 ரூபாய் பெற்றவருக்கு ஜூன் மாதம் 22,000 ஆக உயர்ந்தால் ஜூனிலேயே நிறுத்திவிடலாமா? கூடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. காலத்தின் நடுவில் வரம்பைத் தாண்டினால் அந்தக் காலம் முடியும்வரை முழுத் தொகைக்கும் கட்ட வேண்டும். அதாவது செப்டம்பர் வரை தொழிலாளியிடம் மாதம் 165 ரூபாய், நிறுவனத்திடம் 715 ரூபாய். அதற்குரிய பலன் அடுத்த ஆண்டு ஜனவரி முதல் ஜூன் வரை அவருக்குக் கிடைக்கும். இடையில் நிறுத்திவிட்டு, அவருக்கு விபத்தோ நோயோ நேர்ந்தால் பொறுப்பு நிறுவனத்தின் தலையில் விழும். இந்த வரம்புகளும் விகிதங்களும் அரசாணையால் மாறக்கூடியவை. நேர்முகத்துக்கு முந்தைய வாரம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டுக்கே உரிய சட்டங்களைக் கேட்கும்போது பலர் விழிக்கிறார்கள். 1981ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம் அவற்றில் தலையாயது. 24 மாதங்களுக்குள் 480 நாள்கள் தொடர்ந்து பணிபுரிந்த தொழிலாளி நிரந்தரத் தகுதி பெறுகிறார் என்கிறது அது. மத்தியத் தொகுப்புகள் நீக்கிய சட்டங்களின் பட்டியலில் இது இல்லை. 'டிரெய்னி', 'டெம்பரரி' என்று ஆலை வைக்கும் பெயர் இங்கே முடிவு செய்வதில்லை. வருகைப் பதிவேட்டின் நாள் கணக்குதான் முடிவு செய்யும். ஆகவே தற்காலிகமாக இருப்பவர்களின் நாள் கணக்கை மாதாமாதம் பார்த்து மேலாளருக்குத் தெரிவிப்பது எக்ஸிகியூட்டிவின் வேலை. 479ஆம் நாளில் நிறுத்திவிட்டு ஒரு வாரம் கழித்து மீண்டும் எடுக்கும் பழக்கத்தை நீதிமன்றங்கள் தொழிலாளியை ஏமாற்றும் உத்தியாகவே பார்க்கக்கூடும். 'அப்படிச் செய்வீர்களா?' என்று தேர்வாளர் கேட்டால், அதன் ஆபத்தைத் தெளிவாகச் சொல்வதுதான் சரியான விடை. தேசிய, பண்டிகை விடுமுறைகள் பற்றிய 1958ஆம் ஆண்டுச் சட்டம் குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி ஆகிய நான்கோடு மேலும் ஐந்து நாள்கள் விடுமுறை விடச் சொல்கிறது என்பதையும் தெரிந்திருப்பது நல்லது.

தகராறைக் கையாளுவது பற்றிய கேள்வி பெரும்பாலும் கதையாகவே வரும். ஒரு மாதிரி இது. பிரஸ் ஷாப் ஆபரேட்டர் ஒருவர் சொல்லாமல் 12 நாள் வரவில்லை. பதின்மூன்றாம் நாள் வந்தவரை சூப்பர்வைசர் வாசலில் நிறுத்தி, மற்றவர்கள் முன்னால் கடுமையாகப் பேசுகிறார். வாய்த்தகராறு முற்றி ஆபரேட்டர் சூப்பர்வைசரைத் தள்ளிவிடுகிறார். 'இன்றே வேலையை விட்டு அனுப்புங்கள், இல்லையென்றால் நான் வேலை பார்க்க மாட்டேன்' என்கிறார் சூப்பர்வைசர். எக்ஸிகியூட்டிவ் என்ன செய்ய வேண்டும்?

முதல் அரை மணி நேரத்தில் செய்வது எளிது, ஆனால் பலர் தவறவிடுவது. இருவரையும் பிரித்து உட்கார வைக்க வேண்டும், அடிபட்டிருந்தால் முதலுதவி செய்ய வேண்டும், சூப்பர்வைசரிடம் எழுத்தில் புகார் வாங்க வேண்டும், பார்த்த இரண்டு மூன்று பேரிடம் தனித்தனியாக வாக்குமூலம் எழுதி வாங்க வேண்டும், வாசல் கேமராப் பதிவை அழியாமல் எடுத்து வைக்க வேண்டும். பல இடங்களில் கேமராப் பதிவு சில வாரங்களில் தானாகவே அழிந்துவிடும். மூன்று மாதம் கழித்து விசாரணையில் 'பதிவு இல்லை' என்று சொல்ல நேர்ந்தால் நிர்வாகத்தின் பக்கமே பலவீனமாகும். ஆபரேட்டரிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். 12 நாள் ஏன் வரவில்லை? அரசு மருத்துவமனையில் டெங்குக்குச் சேர்ந்திருந்த சீட்டு அவர் பையிலேயே இருக்கலாம். அப்படியானால் அனுமதியில்லாத விடுப்பு என்ற குற்றச்சாட்டின் கனம் பெரிதும் குறைகிறது. தள்ளிவிட்டது மட்டும் தனி விஷயமாக நிற்கிறது. இரண்டையும் கலக்காமல் பிரித்துப் பார்ப்பதே இந்தக் கதையில் தேர்வாளர் எதிர்பார்க்கும் முதல் தெளிவு.

அவர் உள்ளே இருந்தால் சாட்சிகளை மிரட்டக்கூடும், மோதல் தொடரக்கூடும் என்றால் விசாரணை முடியும்வரை பணியிடை நீக்கம் செய்யலாம். அது தண்டனை அல்ல என்பதால் பிழைப்பூதியம் தர வேண்டும். தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் 90 நாளுக்கு ஊதியத்தில் பாதி, அதன்பின் 180 நாள் வரை முக்கால் பங்கு, அதற்கும் மேல் நீண்டால் முழு ஊதியம். 18,000 ரூபாய் ஊதியம் பெறுபவருக்கு முதல் மூன்று மாதம் மாதம் 9,000, பிறகு 13,500. தொழில் உறவுத் தொகுப்பு விசாரணையைச் சாதாரணமாக 90 நாளுக்குள் முடிக்கச் சொல்கிறது. பிழைப்பூதியம் தராமல் விட்டால், சாப்பாட்டுக்கே வழியில்லாதவர் எப்படி விசாரணைக்கு வந்து தன் பக்கத்தைச் சொல்ல முடியும் என்று நீதிமன்றம் கேட்கும். அதிலேயே விசாரணை முழுவதும் சாய்ந்துவிடக்கூடும்.

பிறகு குற்றச்சாட்டுக் குறிப்பாணை. நாள், நேரம், இடம், நடந்தது என்ன, நிலையாணைகளின் எந்தப் பிரிவின்கீழ் அது தவறு என்பது எல்லாம் தொழிலாளிக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும். புதியவர்கள் இதில் செய்யும் பெரிய பிழை, முடிவைக் குறிப்பாணையிலேயே எழுதிவிடுவது. 'நீங்கள் சூப்பர்வைசரைத் தாக்கி ஒழுங்கீனமாக நடந்துகொண்டீர்கள், எனவே உங்கள்மீது நடவடிக்கை எடுக்கப்படும்' என்று எழுதினால், விசாரிக்கும் முன்பே குற்றவாளி என்று தீர்மானித்ததாக ஆகிறது. 'தள்ளிவிட்டதாக உங்கள்மீது புகார் கூறப்படுகிறது, இதற்கு உங்கள் விளக்கம் என்ன' என்று கேட்பதே முறை.

விளக்கம் திருப்தி தராவிட்டால் உள்விசாரணை. விசாரணை அலுவலர் அந்தச் சம்பவத்தைப் பார்த்தவராகவோ புகாரில் சம்பந்தப்பட்டவராகவோ இருக்கக் கூடாது. பல ஆலைகள் வெளியிலிருந்து வழக்கறிஞரை வைக்கின்றன. தொழிலாளி தனக்குத் துணையாகச் சக தொழிலாளி ஒருவரை அழைத்துக்கொள்ளலாம். நிர்வாகத்தின் சாட்சிகள் முதலில் பேசுவார்கள், அவர்களை அவர் குறுக்கு விசாரணை செய்யலாம். பிறகு அவர் தரப்பு. ஒவ்வொரு நாளும் பதிவான தாளின் ஒவ்வொரு பக்கத்திலும் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். அவர் வரவில்லை என்றால் உடனே ஒருதலையாக முடித்துவிட முடியாது. அவருடைய கடைசி முகவரிக்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பி, திரும்பி வந்த உறையைக்கூட ஃபைலில் வைத்து, மீண்டும் ஒரு வாய்ப்பு தந்த பிறகே அப்படிச் செய்யலாம். அறிக்கை வந்ததும் அதன் நகலைத் தந்து, உத்தேசித்த தண்டனையைப் பற்றி அவர் கருத்தைக் கேட்டு இரண்டாவது விளக்க அறிவிப்பு அனுப்ப வேண்டும்.

தண்டனையின் அளவு குற்றத்தின் அளவோடு பொருந்த வேண்டும். ஒன்பது ஆண்டு சுத்தமான பதிவு உள்ளவர், எதிர்த்தரப்பு தூண்டியதில் ஒருமுறை தள்ளியதற்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டால், தொழில் தீர்ப்பாயம் அதைக் குறைக்க அதிகாரம் பெற்றிருக்கிறது. சூப்பர்வைசரும் எல்லோர் முன்னும் கடுமையாகப் பேசியதற்கு விளக்கம் தர வேண்டும். அவரிடம் கேட்காமல் விட்டால் அந்த ஷாப்பில் இனி எந்த ஹெச்.ஆர். சொல்லும் எடுபடாது.

இதே கதையைத் தேர்வாளர் வேறு பக்கம் திருப்பக்கூடும். 'தள்ளப்பட்டவர் பெண், புகார் பாலியல் தொல்லை பற்றியது என்றால்?' அப்போது மேற்கண்ட வழியில் எக்ஸிகியூட்டிவ் இறங்கக் கூடாது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை பார்க்கும் இடத்தில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழு இருக்க வேண்டும். புகாரை அதனிடம் ஒப்படைக்க வேண்டும். குழு 90 நாளுக்குள் விசாரித்து முடிக்கும். இருவரையும் கூப்பிட்டுச் சமாதானம் பேசுவது பெரிய தவறு. புகார் தந்த பெண்ணே கேட்டால் மட்டும், அதுவும் குழுவின் மூலம், பணம் சம்பந்தப்படாமல் சமரசம் நடக்கலாம்.

'ஒருவர் விஷயம் ஷாப் முழுவதும் பரவினால்?' என்ற கேள்வியும் உண்டு. 20 அல்லது அதற்கு மேல் தொழிலாளர்கள் உள்ள ஆலையில் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும், அது 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அங்கே தீராதது சமரச அலுவலரிடம் போகும். புதிய தொகுப்பின்படி வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு தேவை. ஆலையில் பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமாகவே கருதப்படும். பேச்சு முடிந்து எழுதும் ஒப்பந்தம் எப்படிப்பட்டது என்பதும் கேட்கப்படும். ஆலைகளில் இன்னும் '18(1)', '12(3)' என்றே சொல்கிறார்கள். நிர்வாகமும் சங்கமும் தமக்குள் போட்டுக்கொள்வது முதலாவது. அது கையெழுத்திட்டவர்களை மட்டும் கட்டும். சமரச அலுவலர் முன் போடுவது இரண்டாவது. அது இனி சேரப்போகிறவர் உட்பட எல்லாத் தொழிலாளர்களையும் கட்டும். ஒரே ஆலையில் இரண்டு சங்கங்கள் இருக்கும்போது இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியவரும்.

பிரஸ் ஷாப் ஆபரேட்டரின் ஃபைலுக்குத் திரும்பினால், விசாரணை 30 நாளில் முடிந்து, தள்ளிவிட்டது நிரூபணமாகி, ஓர் ஆண்டு ஊதிய உயர்வு நிறுத்தம் என்று உத்தரவாகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கடைசியாகத் தேர்வாளர் கேட்பது இதுவாக இருக்கலாம்: பணியிடை நீக்கத்தில் இருந்த அந்த 30 நாளுக்கு என்ன சம்பளம்? பெரும்பாலான ஆலைகளின் நிலையாணைகள்படி, வேலைநீக்கம் அல்லாமல் ஊதிய உயர்வு நிறுத்தம் போன்ற தண்டனை மட்டும் தரப்பட்டால், அந்த நாள்கள் பணிபுரிந்த நாள்களாகவே கொள்ளப்படும். முழு ஊதியமான 18,000 ரூபாயில், தந்த பிழைப்பூதியம் 9,000 போக மீதி 9,000 ரூபாயை அவருக்குத் தர வேண்டும். தண்டனை உத்தரவிலேயே இதை ஒரு வரியாக எழுதி, அதன் நகலைச் சம்பளப் பிரிவுக்கும் அனுப்பி, அந்தத் தொகைக்குரிய பி.எஃப்., இ.எஸ்.ஐ.யைச் சேர்த்துக் கட்டிய பிறகே அந்த ஃபைலை அலமாரியில் திரும்ப வைக்கலாம்.